நாற்பது பங்குகளை எண்பதாக்கினால் இடர் பாதியாகுமா?

வாசகர் கேள்வி

"பெங்களூருவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 20 லட்சம் ரூபாயை 40 நிறுவனங்களின் பங்குகளில் தலா 50,000 ரூபாய் வீதம் சமமாகப் போட்டிருக்கிறேன். ஐந்து வருட மாதாந்திர விலைகளை எக்ஸெலில் ஏற்றிப் பார்த்தேன். தனித்தனிப் பங்குகளின் ஆண்டு வேரியன்ஸைச் சராசரி எடுத்து வர்க்கமூலம் கண்டால் 32 சதவீதம் வருகிறது. அதை √40-ஆல் வகுத்தால் மொத்த முதலீட்டின் ஏற்ற இறக்கம் 5 சதவீதம்தான் இருக்க வேண்டும். ஆனால் 19 சதவீதம் வருகிறது. கணக்கில் எங்கே தவறு? ஒவ்வொன்றிலும் பாதியை விற்று வேறு 40 பங்குகளை வாங்கி 80 ஆக்கினால் ரிஸ்க் பாதியாகுமா? ஒன்றுக்கொன்று எதிராகப் போகும் பங்குகளாகத் தேர்ந்தெடுங்கள் என்கிறார் அலுவலக நண்பர். ஒரு பகுதியை எடுத்து வங்கியில் எஃப்.டி. போடுங்கள் என்கிறார் மனைவி. யார் சொல்வதைக் கேட்பது?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கே.ஆர். புரம், பெங்களூரு

ஆலோசகர் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் எக்ஸெல் தாள் சரியாகத்தான் கணக்கிட்டிருக்கிறது. ஏற்ற இறக்கத்தை அளக்கும் திட்ட விலக்கங்களை நேரடியாகச் சராசரி எடுக்காமல், அவற்றின் வர்க்கங்களான வேரியன்ஸ்களைச் சராசரி எடுத்து அதன் பிறகு வர்க்கமூலம் கண்டிருக்கிறீர்கள். என்னிடம் மடிக்கணினியோடு வருகிறவர்களில் பலர் சறுக்கும் இடம் அது, நீங்கள் சறுக்கவில்லை. தவறு 19-இல் இல்லை, 5-இல் இருக்கிறது. √40-ஆல் வகுக்கும் விதி, ஒன்றின் ஏற்ற இறக்கத்துக்கும் இன்னொன்றின் ஏற்ற இறக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபோது மட்டுமே செல்லும்.

மோட்டார் காப்பீட்டு நிறுவனத்துக்கு அந்த விதி ஏறக்குறையப் பொருந்தும். மடிவாளாவில் ஒருவருடைய வண்டி இடிபட்டால், அதே நாளில் எலகங்காவில் இன்னொருவருடைய வண்டியும் இடிபட வேண்டும் என்று எதுவுமில்லை; ஆகவே பாலிசிகள் பெருகப் பெருக, ஒரு பாலிசிக்கான சராசரி இழப்பு ஏறத்தாழ நிலையான எண்ணில் வந்து நிற்கிறது. பங்குகள் அப்படிப்பட்டவை அல்ல. ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை மாற்றினாலும், கச்சா எண்ணெய் விலை ஏறினாலும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் விற்றுக்கொண்டு வெளியேறினாலும், உங்களுடைய நாற்பதும் அளவில் வேறுபட்டாலும் பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் சாய்கின்றன.

கட்டங்களை எண்ணிப் பாருங்கள்

ஒரு புதிய தாளில் 40 வரிசைகளும் 40 நெடுவரிசைகளும் கொண்ட சதுரத்தைப் போட்டு, இரண்டு பக்கமும் உங்கள் பங்குகளின் பெயர்களை எழுதுங்கள். மொத்தம் 1,600 கட்டங்கள். மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குச் சாய்வாக இறங்கும் 40 கட்டங்களில் ஒவ்வொரு பங்கின் சொந்த வேரியன்ஸ் இருக்கும். மற்ற 1,560 கட்டங்களில் இருப்பவை, ஒரு பங்கு இன்னொன்றோடு சேர்ந்து எவ்வளவு அசைகிறது என்பதைச் சொல்லும் கோவேரியன்ஸ்கள். எல்லாப் பங்கிலும் சம அளவு பணம் இருப்பதால், மொத்த முதலீட்டின் வேரியன்ஸ் என்பது இந்த 1,600 கட்டங்களின் நேர் சராசரி, அவ்வளவுதான். பயமுறுத்தும் சூத்திரம் எதுவும் இதற்குப் பின்னால் இல்லை.

நீங்கள் √40-ஆல் வகுத்தபோது, அந்த 1,560 கட்டங்களிலும் பூஜ்யம் இருப்பதாக வைத்துக்கொண்டீர்கள். உண்மையில் அங்கே என்ன இருக்கிறது என்பதை அறிய 780 ஜோடிகளையும் தனித்தனியே கணக்கிட வேண்டிய தேவை இல்லை. நீங்கள் ஏற்கெனவே கண்ட இரண்டு எண்களே போதும். பங்குகளின் எண்ணிக்கையை n என்றும், தனிப் பங்குகளின் சராசரி வேரியன்ஸை V என்றும், மொத்த முதலீட்டின் வேரியன்ஸை Vp என்றும், சராசரி கோவேரியன்ஸை C என்றும் வைத்துக்கொண்டால்,

```
Vp = C + (V − C)/n
C  = (n × Vp − V)/(n − 1)
```

உங்கள் V என்பது 32 × 32 = 1,024. உங்கள் Vp என்பது 19 × 19 = 361. இரண்டாவது வரியில் இட்டால், C = (40 × 361 − 1,024) / 39 = 344. சதுரத்துக்குத் திரும்பிச் சரிபாருங்கள். சாய்கோட்டிலுள்ள 40 கட்டங்கள் மொத்த வேரியன்ஸுக்குத் தருவது 40 × 1,024 / 1,600, அதாவது 25.6. மற்ற 1,560 கட்டங்கள் தருவது 1,560 × 344 / 1,600, அதாவது 335.4. கூட்டினால் 361. உங்கள் முதலீட்டு ஏற்ற இறக்கத்தில் நூற்றுக்கு 93 பங்கு, தனித்தனி நிறுவனங்களின் சொந்தக் குணத்திலிருந்து வருவதில்லை. அவை சேர்ந்து அசைவதிலிருந்து வருகிறது.

முதல் வரியை இன்னொரு முறை பாருங்கள். n பெருகும்போது தேய்வது (V − C)/n என்ற பகுதி மட்டுமே. C அப்படியே நிற்கிறது. n எவ்வளவு பெரிதானாலும் உங்கள் வேரியன்ஸ் 344-க்குக் கீழே இறங்காது. திட்ட விலக்கமாகச் சொன்னால் 18.5 சதவீதம் உங்கள் தரைமட்டம். நீங்கள் ஏற்கெனவே 19-இல் இருக்கிறீர்கள்.

எண்பதுக்குப் போனால்

உங்கள் V, C இரண்டும் மாறாமல் இருக்குமானால், ஒரே பங்கை வைத்திருப்பவருக்கு ஏற்ற இறக்கம் 32 சதவீதம். இரண்டு பங்குகளில் அது 26 ஆகிறது, ஐந்தில் 22, பத்தில் 20.3, இருபதில் 19.4, நாற்பதில் 19. எண்பதில் வேரியன்ஸ் 344 + 680/80 = 352.5, திட்ட விலக்கம் 18.8 சதவீதம். முதல் ஐந்து பங்குகள் பத்து சதவீதப் புள்ளிகளைக் குறைத்தன. நீங்கள் வாங்க நினைக்கும் நாற்பது பங்குகள் கால் புள்ளியைக்கூடக் குறைக்கவில்லை.

ரூபாயில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 20 லட்சத்தில் ஒரு திட்ட விலக்கம் என்பது இன்று 3,80,000 ரூபாய்; 80 பங்குகளானால் சுமார் 3,75,500 ரூபாய். வித்தியாசம் 4,500 ரூபாய். இதற்கு நீங்கள் 10 லட்சம் ரூபாய்க்குப் பங்குகளை விற்க வேண்டும். அந்தப் பத்து லட்சத்துக்குள் 3 லட்சம் ரூபாய் இலாபம் இருப்பதாகவும், எல்லாமே ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தவை என்றும் கொண்டால், 1.25 லட்சம் விலக்குப் போக மீதி 1.75 லட்சத்துக்கு 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரி 21,875 ரூபாய். 4 சதவீத செஸ் சேர்த்தால் 22,750 ரூபாய். அந்த 4,500 ரூபாயும் ஒவ்வோர் ஆண்டும் கையில் வரும் பணம் அல்ல, ஊசலின் வீச்சில் ஏற்படும் குறைவு மட்டுமே. இந்த வரியோ ரொக்கமாகப் போவது. சமப் பங்கீடு தானாகச் சமமாகவே இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். சில மாதங்களுக்கு ஒருமுறை ஏறியதை விற்று இறங்கியதை வாங்கிச் சமன் செய்தால்தான் மேற்கண்ட சூத்திரம் செல்லும். ஒவ்வொரு பங்கின் விற்பனைக்கும் டீமேட் கட்டணம் தனியாக விழும். பன்னிரண்டு மாதத்துக்குள் விற்க நேர்ந்தால் இலாபத்துக்கு 20 சதவீத வரி. எண்பது பெயர்களோடு இதைச் செய்யும் பொறுமை உங்களுக்கு இருக்கலாம். எனக்கு இல்லை.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. புதிய நாற்பதும் பழைய நாற்பதைப் போலவே இருக்கும் என்று மேலே வைத்துக்கொண்டோம். பெரிய நிறுவனங்களை ஏற்கெனவே வாங்கி முடித்தவர்கள் பட்டியலை நீட்டும்போது, கை வழக்கமாகச் சிறு நிறுவனங்களின் பக்கம்தான் போகும். புதிய நாற்பதும் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 45 சதவீதம் அசைபவை என்றும், இரண்டு பங்குகள் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்பதை −1 முதல் 1 வரையான எண்ணில் சொல்லும் ஒட்டுறவு மட்டும் இப்போதைய சராசரியான 0.336-ஏ (344-ஐ 1,024-ஆல் வகுத்தால் கிடைப்பது) என்றும் கொள்வோம். புதியவற்றுக்குள் சராசரி கோவேரியன்ஸ் 680 ஆகும். பழையவற்றுக்கும் புதியவற்றுக்கும் இடையில் 484 ஆகும். பாதிப் பணம் இங்கும் பாதிப் பணம் அங்குமாக இருக்கும்போது மொத்த வேரியன்ஸ் சுமார் 511, திட்ட விலக்கம் 22.6 சதவீதம். பெயர்கள் இரட்டிப்பாகின, இடர் குறையவில்லை, கூடியது. எண்ணிக்கை பெருகும்போது தரைமட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதற்குக்கூட உத்தரவாதம் கிடையாது, ஏனென்றால் தரைமட்டத்தைத் தீர்மானிப்பது நீங்கள் எதைச் சேர்க்கிறீர்கள் என்பதுதான்.

அப்படியானால் நாற்பது பங்குகள் வைத்திருப்பது வீண் வேலையா என்று கேட்பீர்கள். இல்லை. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளியானபோது, அதன் பங்கு விலையில் முக்கால் பாகத்துக்கும் மேல் ஒரே நாளில் கரைந்தது. பத்துப் பங்குகளைச் சமமாக வைத்திருந்து அதில் ஒன்றுக்கு அப்படி நேர்ந்திருந்தால், மொத்தத்தில் 7.5 சதவீதத்துக்கும் மேல் போயிருக்கும். நாற்பது வைத்திருந்தவருக்கு ஏறக்குறைய 2 சதவீதம். ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே உரிய விபத்தை எண்ணிக்கை நன்றாகவே கரைக்கிறது. அந்த வேலையை உங்கள் நாற்பது ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது.

நண்பர் சொல்லும் "எதிராகப் போகும் பங்குகள்"

இந்த யோசனை கேட்க நன்றாக இருக்கும், இரண்டு பங்குகள் வரை சரியாகவும் இருக்கும். மூன்றாவதில் இடிக்கிறது. முதலாவதுக்கு இரண்டாவது எதிராகப் போகிறது, இரண்டாவதுக்கு மூன்றாவது எதிராகப் போகிறது என்றால், முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாகத்தானே போக வேண்டும்? பங்குகள் கூடக் கூட, எல்லாமே எல்லாவற்றுக்கும் எதிராக இருப்பதற்கான இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. எல்லா ஜோடிகளுக்கும் ஒரே ஒட்டுறவு என்று கொண்டால், அது −1/(n − 1)-க்குக் கீழே போகவே முடியாது. போனால் மொத்த வேரியன்ஸ் குறை எண்ணாகிவிடும், வர்க்கங்களின் சராசரி ஒருபோதும் குறை எண்ணாகாது. நாற்பது பங்குகளுக்கு அந்த எல்லை −1/39, அதாவது −0.026. நண்பரின் திட்டம் கணிதப்படி சாத்தியமாகும் மிகச் சிறந்த நிலையே "ஏறக்குறைய ஒட்டுறவு இல்லை" என்பதுதான். உங்கள் பங்குகள் நிற்கும் 0.336-இலிருந்து ஒரே நாட்டின் ஒரே பங்குச் சந்தைக்குள் சுற்றிக்கொண்டே அங்கே போய்ச் சேர்ந்த எவரையும் நான் பார்த்ததில்லை.

நண்பர் சொல்வதில் எடுத்துக்கொள்ள வேண்டிய பாதி ஒன்று இருக்கிறது. அந்த 1,560 கட்டங்களில் எவை கனமாக இருக்கின்றன என்று பாருங்கள். நாற்பதில் பன்னிரண்டு பங்குகள் வங்கிகளும் நிதி நிறுவனங்களுமாக இருந்தால், அவற்றுக்குள் மட்டும் 132 கட்டங்கள். வட்டி விகிதம் அசையும்போது அந்த 132-உம் சேர்ந்து அசையும். மென்பொருள் நிறுவனப் பங்குகள் பல இருந்தாலும் அதே நிலைதான். இன்னொன்றும் உண்டு, உங்கள் சம்பளமும் அந்தக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர். அமெரிக்க வாடிக்கையாளர்கள் செலவைக் குறைக்கும் ஆண்டில் அந்தப் பங்குகளும் இறங்கும், உங்கள் போனஸும் குறையும், சில அலுவலகங்களில் ஆட்களும் குறைவார்கள். எக்ஸெல் தாளில் அந்த நாற்பத்தொன்றாவது வரிசை இல்லாததால் அது கணக்கில் வருவதில்லை. பங்கு எண்ணிக்கையைக் கூட்டாமலே, சில ஐ.டி. பங்குகளை மருந்து, நுகர்பொருள், மின்சாரத் துறைகளுக்கு மாற்றினால் C ஓரளவு இறங்கும். ஓரளவுதான்.

இறங்கும் அந்த அளவும் தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்காமல் போகலாம். 2020 மார்ச் 23 அன்று சந்தை 10 சதவீதம் சரிந்ததும் 45 நிமிடம் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கிய பிறகும் சரிவு நிற்காமல், நிஃப்டி, சென்செக்ஸ் இரண்டும் ஏறத்தாழ 13 சதவீதம் இழந்து முடிந்தன. அப்படிப்பட்ட வாரங்களில் தனிப் பங்குகளின் ஏற்ற இறக்கமும் பெருகுகிறது, ஒட்டுறவும் உயர்கிறது. உதாரணத்துக்கு, உங்கள் 32 சதவீதம் 64 ஆகவும் ஒட்டுறவு 0.7 ஆகவும் மாறினால், நாற்பது பங்குகளின் திட்ட விலக்கம் 53.8 சதவீதம், எண்பது பங்குகளுடையது 53.7. ஐந்து வருடங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும் உங்கள் தாளில் இந்த வாரங்கள் அமைதியான மாதங்களோடு கலந்து மறைந்துவிடுகின்றன. ஆகவே 19 என்பதை எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மனைவி சொல்வதை எண்ணில் பார்த்தால்

அவர் எக்ஸெலைத் திறக்காமலேயே C-ஐக் குறைக்கும் வழியைச் சொல்லியிருக்கிறார். வங்கி வைப்பின் மதிப்பு சந்தையோடு சேர்ந்து அசைவதில்லை. அதன் வேரியன்ஸும், பங்குகளோடு அதற்குள்ள கோவேரியன்ஸும் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம். 20 லட்சத்தில் 8 லட்சத்தை எஃப்.டி.க்கு மாற்றி 12 லட்சத்தை அதே நாற்பது பங்குகளில் விட்டால், மொத்தத்தின் திட்ட விலக்கம் 0.6 × 19 = 11.4 சதவீதம். ரூபாயில் 3,80,000 என்பது 2,28,000 ஆகிறது. நாற்பது புதிய பங்குகள் குறைப்பது 4,500. இது குறைப்பது 1,52,000.

இதற்கு விலை உண்டு. பங்குகள் நன்றாக ஏறும் ஆண்டுகளில் அந்த 8 லட்சம் பின்தங்கும். வட்டி முழுவதும் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து நீங்கள் இருக்கும் வரி அடுக்கில் வரி கட்ட வேண்டியிருக்கும். பணவீக்கம் வட்டியைத் தின்னும் ஆண்டுகளும் வரும். ஆகவே எட்டா, ஐந்தா, பத்தா என்பது, 3,80,000 ரூபாய் இறக்கத்தை ஓர் ஆண்டில் பார்த்துவிட்டுப் பங்குகளை விற்காமல் உங்களால் இருக்க முடியுமா என்பதைப் பொறுத்தது. அந்த அளவு இறக்கம் அபூர்வமானது அல்ல என்பதையும், அதைப் போல இரண்டு மடங்கும் வரக்கூடும் என்பதையும் மனதில் வைத்து, நீங்களும் மனைவியும் சேர்ந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வீட்டுக் கடன் தவணையோ பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ ஐந்து ஆண்டுக்குள் இருக்குமானால், நான் எட்டுக்குக் கீழே போக மாட்டேன்.

வைப்பில் போடுவதானால் ஒரே வங்கியில் போட வேண்டாம். ஒருவருக்கு ஒரு வங்கியில் வைப்புக் காப்பீடு அசலும் வட்டியும் சேர்ந்து 5 லட்சம் வரை மட்டுமே. இரண்டு வங்கிகளில் நான்கு நான்கு லட்சமாகப் பிரித்தால் வட்டி சேர்ந்தும் வரம்புக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். பிரித்து வைப்பது முழுப் பலன் தரும் இடம் இது.

விற்பதையும் இரண்டு நிதியாண்டுகளாகப் பிரியுங்கள். மேலே கொண்ட கணக்குப்படி பத்து லட்சத்தில் 3 லட்சம் இலாபம் என்றால், எட்டு லட்சத்தில் 2.4 லட்சம். மார்ச் 31-க்குள் நான்கு லட்சத்துக்கும் ஏப்ரல் பிறந்த பிறகு நான்கு லட்சத்துக்கும் விற்றால், ஒவ்வோர் ஆண்டிலும் இலாபம் 1.2 லட்சமாக 1.25 லட்சம் விலக்குக்குள் அடங்கும். அந்த ஆண்டுகளில் பங்குகளிலோ பங்குசார் மியூச்சுவல் ஃபண்டிலோ வேறு நீண்டகால ஆதாயம் இல்லாதவரை வரி வராது. எதை விற்பது என்று தேர்ந்தெடுக்கும்போது ஐ.டி. பங்குகளிலிருந்தும் நிதித்துறைப் பங்குகளிலிருந்தும் தொடங்குங்கள். விற்று முடிந்த பின் மீதமுள்ளவற்றின் V, Vp இரண்டையும் மறுபடி கணக்கிட்டு, C 344-லிருந்து எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.